கயிற்றுக்கும் எடை உண்டு

நளினிக்கு மறதியின் மேல் கோபம் கிடையாது. மறதிக்கு மார்க்கைக் குறைப்பவர்கள் மேல்தான் கோபம். தங்கவயலில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் பிரிவில் அவள் ஒப்பந்த விரிவுரையாளர். வருஷா வருஷம் ஜூனில் வேலை போகும், ஜூலையில் திரும்ப வரும். இந்தக் கண்ணாமூச்சிக்கு அவள் பழகிவிட்டாள். பழகாதது ஒன்றுதான்: ஒரு ஃபார்முலா நினைவுக்கு வராததால் நல்ல பிள்ளை ஒன்று பரீட்சை ஹாலில் மூன்று மணி நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி.

கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒரு டிசைன் ஆபீசில் இரண்டு வருஷம் வேலை செய்தவள் அவள். அங்கே தலை நரைத்த இன்ஜினியர்கள்கூட ஒவ்வொன்றுக்கும் ஃபார்முலாவும் அளவுகளும் அச்சிட்ட ஹேண்ட்புக்கைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவனை ஆபத்தானவன் என்று ஒதுக்கி வைப்பார்கள். காலேஜில் மட்டும் அவனுக்கு டிஸ்டிங்ஷன். இதைச் சொல்லிச் சொல்லி ஸ்டாஃப் ரூமில் அவளுக்கு ‘ஹேண்ட்புக் மேடம்’ என்று பெயரே வந்துவிட்டது.

முன்பெல்லாம் ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ பரீட்சைக்கு, அதாவது எந்தக் கம்பி எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடும் பாடத்துக்கு, ஹேண்ட்புக்கை ஹாலுக்குள் கொண்டுபோகலாம். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பக்க ஓரங்களில் பென்சிலால் மொத்தக் கணக்கையே எழுதிக்கொண்டு போனார்கள். பிடிபட்டார்கள். காலேஜ் தன்னாட்சி பெற்றது, கேள்வித்தாளும் விதிகளும் அதனுடையவையே. ஹேண்ட்புக் வேண்டாம், அதற்குப் பதில் கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு டேட்டா ஷீட் அச்சிடலாம் என்று முடிவு செய்தார்கள். அதில் எது இருக்கும், எதைப் பிள்ளைகள் மண்டையில் சுமந்து வரவேண்டும் என்பதைத் தாள் தயாரிப்பவர் எழுதிக் கொடுப்பார், துறைத் தலைவர் சரிபார்ப்பார். ஷீட் வரப்போகும் முதல் தேர்வு, ஃபெயிலானவர்கள் திரும்ப எழுதும் மறுதேர்வு. அதற்குத் தாள் தயாரிக்கும் பொறுப்பு நளினிக்கு வந்தது.

அந்த மறுதேர்வை எழுதப் போகிறவர்களில் பவ்யாவும் ஒருத்தி.

மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர்களுக்குக் கட்டிய கோரமண்டல் லைன் வீட்டுப் பெண் பவ்யா. அம்மா ஜெயம்மா அரசுப் பள்ளியில் மதிய உணவு சமைக்கிறாள், அப்பா இல்லை. பவ்யாவை லேத் முன்னால் நிறுத்தினால் பையன்கள் ஒதுங்கி நின்று பார்ப்பார்கள், அப்படி ஒரு கை. ஆனால் கொரோனா வருஷத்து ஆன்லைன் வகுப்புகளின்போது வீட்டிலிருந்த ஒரே போன் அம்மாவோடு கூலி வேலைக்குப் போனதால் இந்த ஒரு பாடம் அவளுக்கு விட்டுப் போயிற்று. அன்று விட்டது இன்றுவரை கைக்கு வரவில்லை. ஹாலில் உட்கார்ந்ததும் படித்ததெல்லாம் போய்விடும். போன தடவை மிகச் சுலபமான ஃபார்முலாவையே தலைகீழாக எழுதிவிட்டு வந்தாள். சேர்ந்த நாளிலிருந்து ஆறு வருஷத்துக்குள் முடிக்கவேண்டும் என்பது விதி. இது கடைசி வாய்ப்பு. இதிலும் போனால் இந்தப் பாடம் மட்டுமல்ல, பாஸ் செய்த மற்ற பாடங்களும் சேர்ந்து செத்துப்போகும், டிப்ளமோ என்பதே கிடையாது. நரசாபுரத்தில் ஒரு கம்பெனி அவளை எடுத்துக்கொண்டு, இந்த ரிசல்ட் வரும்வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தது.

ஜெயம்மா ஒருநாள் காலேஜ் வாசலிலேயே நளினியைப் பிடித்துக்கொண்டாள்.

“மேடம், எம் பொண்ணு மக்கு இல்லை மேடம். பயந்துக்குது. இன்னா பண்றதுன்னே தெரியல. நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்.”

“நான் என்ன பண்ண முடியும் ஜெயம்மா. பாடம் சொல்லிக்குடுக்கறேன்.”

“அதான். அது போதும்.”

அது போதாது என்பது இருவருக்கும் தெரியும். மார்க்கைத் திருத்துவது, கேள்வியைக் கசியவிடுவது என்ற பக்கமே நளினி போகமாட்டாள். அவள் நம்பியிருந்த நேர்மையான வழி ஒன்றே ஒன்றுதான், யார் தாள் தயாரித்தாலும் வரப்போகிற அந்தக் கடைசிப் பக்கம். அதனால் மறுதேர்வுக்காரர்களுக்கு நடத்திய சிறப்பு வகுப்பில், தாள் பொறுப்பு தன்னிடம் வரும் என்று தெரிவதற்கு முன்னால், மனசார ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்.

“இந்தத் தடவை ஷீட் வருது. வேணுங்கறது எல்லாம் அதுல இருக்கும். பயப்படாதீங்க. ஷீட்டை நம்புங்க.”

பவ்யா முதல் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டினாள். நாலு வருஷத்தில் அந்த முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. வாயில் வந்த வார்த்தை வில்லிலிருந்து கிளம்பிய அம்பு என்பது அன்றைக்கு நளினிக்கு உறைக்கவில்லை.

தாளைத் தயாரித்து எடுத்துக்கொண்டு துறைத் தலைவர் மஞ்சுநாத்தின் அறைக்குப் போனாள். மஞ்சுநாத் முல்பாகல் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம், வெளியில் நாலு பாஷை. கெட்டவர் அல்ல. கணக்கில் ஒரு புள்ளி தள்ளியிருந்தால் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான்.

முதலில் எண்களைப் பார்த்தார்கள். அதில் சண்டை இல்லை. இரும்பு எவ்வளவு விறைப்பு, ஒரு கன மீட்டர் எவ்வளவு எடை என்பதையெல்லாம் எந்தப் பிள்ளையும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை, அச்சிட்டே ஆகவேண்டும். ஆனால் கேள்விக்குப் பக்கத்திலேயே எடையைக் கொடுத்தால், ‘இந்தக் கணக்கில் எடையைச் சேர்’ என்று காதில் ஓதியதுபோல் ஆகிவிடும். அதனால் இரும்போடு தாமிரம், அலுமினியம், பித்தளை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அட்டவணையாகக் கடைசிப் பக்கத்தில் போட்டார்கள். எது வேண்டும் என்று பிள்ளைதான் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

சண்டை ஃபார்முலாவில் வந்தது.

“எட்டு போட்டிருக்கீங்க மேடம். எட்டும் குடுத்தா அப்புறம் பரீட்சை யாருக்கு? கால்குலேட்டருக்கா?”

“சார், ஃபார்முலா தெரிஞ்சவனுக்கெல்லாம் கணக்கு தெரியுமா?”

“தெரியாது. ஆனா கணக்கு தெரிஞ்சவனுக்கு நாலு ஃபார்முலாவாவது தெரியணும். நோடி மேடம், பாருங்க, நினைவுல இருந்து எழுதறதுக்குன்னு இத்தனை மார்க் இருக்கணும்னு காலேஜ் கவுன்சில் விதி. அஞ்சு வெச்சுக்கோங்க. மூணை எடுங்க. எதை எடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க.”

நளினி மல்லுக்கட்டினாள். தூண் வளைவது, அச்சு முறுகுவது என்று நீளமான ஃபார்முலாக்கள் தங்கின. உருளையின் சுவர் சம்பந்தப்பட்ட இரண்டு போயின. மூன்றாவதாக ஒன்றை எடுக்கவேண்டும். மிச்சமிருந்தவை இரண்டும் கம்பி நீளுவதைப் பற்றியவை. ஒன்று, நுனியில் தொங்கும் பாரத்தால் கம்பி எவ்வளவு நீளும் என்பது, பிள்ளைகள் ‘பி.எல். பை ஏ.ஈ.’ என்று சொல்வது. மற்றது, பாரமே இல்லாவிட்டாலும் கம்பி தன் சொந்த எடையால் எவ்வளவு நீளும் என்பது.

இரண்டும் சேர்ந்த கணக்கு ஒன்று தாளில் இருந்தது, பத்து மார்க்குக்கு. அறுநூறு மீட்டர் ஆழமுள்ள ஒரு சுரங்க ஷாஃப்ட், அதாவது செங்குத்தாக இறங்கும் குழி. இரும்புக் கயிற்றில் ஆட்களை இறக்கும் கூண்டு தொங்குகிறது. கயிற்றின் உச்சியில் அழுத்தம் எவ்வளவு, கயிறு மொத்தம் எவ்வளவு நீளும்? கூண்டின் பாரத்தை மட்டும் எடுத்தால் முந்நூற்று அறுபது மில்லிமீட்டர். கயிற்றின் எடையையும் சேர்த்தால் நானூற்று இருபதைத் தாண்டும்.

“பி.எல். பை ஏ.ஈ.யை எடுத்துடுங்க” என்றார் மஞ்சுநாத். “அது சுலபம், யாரும் மறக்கமாட்டாங்க. சுய எடையை அச்சடிங்க. அதுதான் மறக்கற சாமான்.”

நளினியின் கண் முன்னால் பவ்யா வந்தாள். அதே சுலபமான ஃபார்முலாவைத்தான் போன தடவை அவள் தலைகீழாக எழுதியிருந்தாள்.

“இல்லை சார். பி.எல். பை ஏ.ஈ. இருக்கட்டும். சுய எடையை எடுத்துடலாம். இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கா கயித்துக்கு எடை இருக்குன்னு அச்சடிச்சுச் சொல்லணும்?”

அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவள் அப்பா ராஜேந்திரன் சுரங்கத்தில் கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். வீட்டில் சோறு பிசையும்போதுகூட அதே பேச்சு. ‘கீழ போகப் போக கேஜ் கனக்கறதில்லைம்மா, ரோப்புதான் கனக்கும். ஆளைவிட ரோப்பைத்தான் நம்ப முடியாது.’ நளினிக்கு அது பாடமே அல்ல, காய்ச்சல் வந்தால் கஞ்சி என்பதுபோல் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தங்கவயலில் பிறந்த எவருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். சுரங்கம் மூடிய பிறகு பிறந்தவர்கள்தான் இன்றைய பிள்ளைகள் என்பதும், அவர்கள் பார்த்த ஒரே கயிறு துணி காயப்போடும் கொடிதான் என்பதும் அந்தப் புத்திசாலிக்கு அந்த நிமிஷத்தில் தோன்றவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது சறுக்கியதே தெரியாமல் நடந்துபோன யானை.

“பாதியைக் குடுத்துப் பாதியை விட்டா, குடுத்த பாதிதான் முழுசுன்னு நினைப்பாங்க” என்றார் மஞ்சுநாத். பிறகு, “ஆய்த்து, சரி, தாள் உங்களுது” என்று கையெழுத்துப் போட்டார். உறையை அரக்கு வைத்து மூடினார்கள்.

அடுத்த வாரம் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் பவ்யா எதிரே வந்தாள். கையில் கீரைக்கட்டு.

“மேடம், ஒண்ணே ஒண்ணு. நான் ஏதாச்சும் பைஹார்ட் பண்ணணுமா? இல்லை, ஷீட்டுல எல்லாம் வந்துடுமா?”

‘வேணுங்கறது எல்லாம் இருக்கும்’ என்று சொன்னவள் நளினி. அதிலிருந்து மூன்றை எடுத்தவளும் அவளே. எடுத்ததைச் சொன்னால் கேள்வித்தாளைச் சொன்ன குற்றம். சொல்லாவிட்டால் சொன்ன வார்த்தை பொய். மார்க்கெட் நடுவில், தக்காளி விலை கேட்கிறவர்களுக்கு மத்தியில், அவளுக்கு ஓவென்று கத்தவேண்டும்போல் இருந்தது.

“எல்லாத்தையும் ஒருவாட்டி பாத்துக்கோ” என்றாள்.

“பாக்கறேன் மேடம். ஆனா நெறைய பாத்தா எனக்குக் கொழம்பிடுது. ஷீட் இருக்குன்னதும்தான் தூக்கமே வருது.”

“பவ்யா...”

“இன்னா மேடம்?”

“ஒண்ணுமில்லை. கணக்கைப் படிச்சதும் படம் போடு. படம் போட்டுட்டு அப்புறம் எழுது.”

சட்டம் அனுமதித்த அளவுக்கு அவளால் சொல்ல முடிந்தது அதுதான்.

பரீட்சை முடிந்தது. விடைத்தாள்கள் பெயரும் எண்ணும் கிழிக்கப்பட்டு, ரகசியக் குறியோடு திருத்த வந்தன. நளினி முதல் தாளைத் திறந்தாள். ஷாஃப்ட் கணக்கு: முந்நூற்று அறுபது. அடுத்தது: முந்நூற்று அறுபது. அதற்கடுத்ததும் அதே. பாரம், நீளம், குறுக்குவெட்டுப் பரப்பு என்று கணக்கில் கொடுத்ததெல்லாம் ஷீட்டில் இருந்த ஃபார்முலாவின் எழுத்துகளில் பூட்டுக்குச் சாவிபோலப் பொருந்திவிட்டன. பொருந்திய பிறகு எந்தப் பிள்ளை இன்னொன்றைத் தேடும்? அட்டவணையில் இரும்பின் எடை இருந்தது, யாரும் அதைத் தொடவில்லை. ஒரே ஒரு தாளில் மட்டும் கயிற்றின் எடை சேர்ந்து சரியான விடை இருந்தது.

பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று அச்சிட்டதே அவர்களைக் குழியில் தள்ளியிருந்தது. அதை அச்சிடாமல் விட்டிருந்தால், ஒன்றுமில்லாத பயத்திலாவது யோசித்திருப்பார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பாதிக் கட்டு தாண்டியபோது ஒரு தாளில் அவள் கை நின்றது. படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அம்புக்குறியின் முனையைச் சின்ன முக்கோணமாக வரைந்து உள்ளே கறுப்பாக நிரப்பும் பழக்கம் பவ்யாவுக்கு மட்டும்தான். ஷாஃப்ட், கயிறு, கூண்டு. கூண்டிலிருந்து கீழ்நோக்கி ஒரு அம்பு. கயிற்றின் நடுவிலிருந்தும் கீழ்நோக்கி இன்னொரு அம்பு, பக்கத்தில் எடையைக் குறிக்கும் ஒரு எழுத்து. அந்த இரண்டாவது அம்பின் மேல் குறுக்காக ஒரு கோடு. அடித்திருந்தாள். கீழே விடை: முந்நூற்று அறுபது.

நளினி நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். தெரிந்திருக்கிறது. தெரிந்ததை ஏன் அடித்தாள்?

அடித்ததற்கு மார்க் கிடையாது, அது விதி. பத்துக்கு நாலு போட்டாள். கூட்டிப் பார்த்தபோது பாஸுக்கு நாலு குறைந்தது. கருணை மதிப்பெண் இரண்டுக்கு மேல் தரமாட்டார்கள். மறுபடி கூட்டினாள். வெளியிலிருந்து வந்த இரண்டாவது திருத்துநரும் அதே மார்க்குக்குத்தான் வந்தார்.

அன்றே தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம் போனாள். மஞ்சுநாத்தும் கூட இருந்தார்.

“தாள்ல பிழை இருக்கா மேடம்?” என்று கேட்டார் கட்டுப்பாட்டாளர். “கேள்வி தப்பு, எண் தப்பு, ஃபார்முலா தப்பு, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. எல்லாருக்கும் மார்க் போட்டுடலாம்.”

“பிழை இல்லை சார்.”

“அப்புறம்?”

“தாள் ஏமாத்திடுச்சு சார். வேணுங்கறது எல்லாம் ஷீட்ல இருக்கும்னு நான் வகுப்புல சொன்னேன். அப்புறம் நானே ஒண்ணை எடுத்துட்டேன். அது என் தப்பு. எழுதிக் குடுக்கறேன். என் ஒப்பந்தத்தை வேணும்னாலும் நிறுத்திக்கோங்க.”

“உங்க ஒப்பந்தத்தை நிறுத்தினா அந்தப் பிள்ளைங்களுக்கு மார்க் வருமா?” என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். “வகுப்புல சொன்னது விதி இல்லை மேடம். அச்சானதுதான் விதி.”

நளினி மஞ்சுநாத்தைப் பார்த்தாள். ‘நான் அன்னைக்கே சொன்னேன்’ என்று அவர் சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டை போடவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை.

“ஒரு தாள் சரியா இருக்கு மேடம்” என்றார் மெதுவாக. “எல்லாருக்கும் போட்டா, யோசிச்சு எழுதின அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல? நீங்களே சொல்லுங்க.”

நளினி கேள்வித்தாளை இழுத்து வைத்துக்கொண்டாள். ஒரு பிழையாவது, ஒரு அச்சுப் பிழையாவது இருக்காதா என்று அந்தக் கடைசிப் பக்கத்தை எழுத்து எழுத்தாகப் படித்தாள். தன் வாழ்நாளில் அவள் தயாரித்த தாள்களிலேயே மிகச் சுத்தமான தாள் அது. கரைசேர ஒரு துரும்புகூட அதில் இல்லை.

ரிசல்ட் வந்த மறுநாள் காலை, ஒரு வேலையாகப் பங்காருபேட்டைக்குப் போக கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது நளினி பவ்யாவைப் பார்த்தாள். ஒளிந்துகொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் பவ்யாவே வந்துவிட்டாள். அழுது முடித்த முகம். தோளில் ஒரு பை.

“எங்க கெளம்பிட்ட?”

“பங்காருபேட்டைக்கு மேடம். துணிக்கடையில ஆள் கேட்டாங்களாம். கம்பெனில நேத்தே போன் பண்ணி வேணாம்னுட்டாங்க. அம்மாதான் சாப்பிடாம கெடக்குது.”

மன்னிப்புக் கேட்க வந்த நளினியின் வாய், கேட்காமல் இருக்க முடியாத அந்தக் கேள்வியைக் கேட்டது. விடைத்தாளைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது என்பதுகூட மறந்துபோயிற்று.

“அந்த ஷாஃப்ட் கணக்குல... கயித்துக்கு அம்பு போட்டுட்டு ஏன்மா அடிச்ச?”

பவ்யா திகைத்துப் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டாள். தூரத்தில் மாரிக்குப்பம் பக்கமிருந்து ரயிலின் ஹாரன் கேட்டது.

“படம் போடுன்னு நீங்க சொன்னீங்கல்ல மேடம், போட்டேன். போட்டதும் கயித்துக்கும் வெயிட் இருக்குமேன்னு தோணுச்சு. ஃபார்முலாகூட ஞாபகம் வந்துடுச்சு மேடம், மொதவாட்டி. அப்புறம் ஷீட்டைப் பாத்தேன். அதுல இல்லை.” பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். “வேணுங்கறது எல்லாம் ஷீட்டுல இருக்கும்னு நீங்க சொன்னீங்களே. அதுல இல்லைன்னா அப்போ வேணாம்போலன்னுட்டு அடிச்சிட்டேன்.”

ரயில் வந்து நின்றது. “வரேன் மேடம்” என்று சொல்லிவிட்டு அவள் ஏறிக்கொண்டாள். நளினியும் அதே ரயிலில்தான் போகவேண்டும், அவள் ஏறவில்லை.